ஒரே சுற்று, இரண்டு பலகை: மின்சாரம் திரும்பியதும் ஒன்று மோட்டாரை ஓட்டுகிறது, மற்றொன்று ஓட்டுவதில்லை

மேல்தொட்டி எழுதியது:

மாடித் தொட்டிக்கு மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று செய்தேன். 4001 சில்லில் இரண்டு நார் கேட்டுகளைக் குறுக்காகப் பின்னிய செட்-ரீசெட் லாட்ச்தான் அதன் மூளை. தொட்டியில் இரண்டு மிதவை சுவிட்சுகள் உள்ளன. தண்ணீர் அடிக்குப் போனால் கீழ் சுவிட்ச் மூடிக்கொண்டு செட் முனைக்கு 5 வோல்ட் கொடுக்கும். தொட்டி நிறைந்தால் மேல் சுவிட்ச் மூடிக்கொண்டு ரீசெட் முனைக்குக் கொடுக்கும். இரண்டு முனைகளிலிருந்தும் தரைக்கு 100 கிலோ ஓம் மின்தடை இருக்கிறது. சுவிட்ச் துள்ளலை அடக்க ஒவ்வொரு சுவிட்சின் குறுக்கேயும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தேன். க்யூ வெளியீடு ரிலேவை இழுக்கிறது. க்யூ பார் வெளியீட்டில் ஒரு பச்சை விளக்கு, மோட்டார் நிற்கும்போது எரிவதற்காக.

நன்றாக ஓடியதால் அத்தை வீட்டுக்கும் இன்னொன்று செய்து கொடுத்தேன். அங்கே ஆரம்பித்தது குழப்பம். தொட்டி பாதி இருக்கும்போது மின்வெட்டு வந்து மின்சாரம் திரும்பினால், எங்கள் வீட்டுப் பலகை மோட்டாரை ஓட்டிவிடுகிறது. அத்தை வீட்டுப் பலகை ஓட்டுவதில்லை. இரண்டையும் இருபது இருபது முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறைகூட மாறவில்லை. உள்ளீடு இரண்டும் 0 ஆக இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் லாட்ச் எந்த நிலையில் எழும் என்பது தற்செயல் என்று படித்திருக்கிறேன். தற்செயல் என்றால் நாணயம் சுண்டியதுபோல மாறி மாறி வர வேண்டாமா?

---

மூன்றாம்_ஆண்டு எழுதியது:

அண்ணா, போன வாரம்தான் இது எங்களுக்குத் தேர்வில் வந்தது. இரண்டு உள்ளீடும் 0 என்பது தடைசெய்யப்பட்ட நிலை. தொட்டி பாதி இருக்கும்போது உங்கள் இரண்டு சுவிட்சும் திறந்திருப்பதால் லாட்ச் அந்த நிலையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதிக நேரம் அப்படி விட்டால் சில்லு எரிந்துபோகலாம் என்றும் எங்கள் ஆய்வகத்தில் சொன்னார்கள்.

---

பழைய_ரேடியோ எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது நாண்ட் கேட்டில் செய்த லாட்சின் அட்டவணை. அங்கேதான் 0, 0 என்பது தொல்லை. இவர் வைத்திருப்பது நார். எதுவும் எரியாது, அந்தப் பயத்தை விடுங்கள்.

நார் கேட்டின் குணம் ஒன்றே ஒன்றுதான். உள்ளீடுகளில் ஏதேனும் ஒன்று 1 ஆனால் வெளியீடு 0. மற்ற உள்ளீடு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. எல்லா உள்ளீடும் 0 என்றால் மட்டுமே வெளியீடு 1. ஆகவே நார் கேட்டுக்கு 1 என்பது அதட்டல், 0 என்பது மௌனம்.

இப்போது இரண்டு கேட்டுகளை எடுத்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளீட்டில் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். முதல் கேட்டின் மிச்ச உள்ளீடு ரீசெட், அதன் வெளியீடு க்யூ. இரண்டாவதன் மிச்ச உள்ளீடு செட், அதன் வெளியீடு க்யூ பார்.

```
Q  = NOR(R, QB)
QB = NOR(S, Q)
```

செட் முனைக்கு 1 கொடுத்தால் இரண்டாம் கேட் உடனே 0 ஆகிறது. அந்த 0 முதல் கேட்டுக்குப் போகிறது. ரீசெட்டும் 0 என்பதால் முதல் கேட்டை அதட்ட ஆளில்லை, க்யூ 1 ஆகிறது. இந்த 1 திரும்பி வந்து இரண்டாம் கேட்டின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. இனி செட்டை எடுத்துவிட்டாலும் இரண்டாம் கேட் 0 ஆகவே இருக்கும், ஏனென்றால் அதட்டும் வேலையை க்யூவே ஏற்றுக்கொண்டுவிட்டது. இதுதான் நினைவு. வேறு மாயம் எதுவும் உள்ளே இல்லை. அப்போலோ விண்கலக் கணினியின் தர்க்கச் சுற்று முழுக்க மூன்று உள்ளீட்டு நார் கேட்டுகளால் ஆனது. அதன் பதிவேடுகளும் இதே குறுக்குப் பின்னலில்தான் பிட்டுகளைப் பிடித்து வைத்திருந்தன.

ஆக 0, 0 என்பது தடை அல்ல, நிம்மதி. லாட்ச் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறது. 1, 1 தான் சிக்கல்.

மேல்தொட்டி, உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. மின்சாரம் வரும் கணத்தில் உங்கள் உள்ளீடுகள் 0 ஆக இருக்கின்றன என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மின்தேக்கியின் ஒரு கால் 5 வோல்ட்டில் இருக்கிறது, மறு கால் உள்ளீட்டில் இருக்கிறது. காலி மின்தேக்கி முதல் கணத்தில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

---

வெல்டிங்_கடை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்கும் நார் லாட்சில் தொல்லை. 4001 கிடைக்கவில்லை என்று கடைக்காரர் 7402 கொடுத்தார். அதுவும் நான்கு நார் கேட், அதே 14 கால். பழைய பலகையின் சாக்கெட்டில் அப்படியே செருகினேன். தொட்டால் விரல் சுடுகிறது. இது அந்தத் தடைசெய்யப்பட்ட நிலையால்தானே?

---

பழைய_ரேடியோ எழுதியது:

இல்லை ஐயா. 4001 சில்லில் முதல் கேட்டின் உள்ளீடுகள் 1, 2 ஆம் கால்கள், வெளியீடு 3. 7402 சில்லில் வெளியீடு 1 ஆம் கால், உள்ளீடுகள் 2, 3. நீங்கள் 7402-இன் வெளியீட்டை சுவிட்ச் வழியாக நேரே 5 வோல்ட்டில் கட்டியிருக்கிறீர்கள். கழற்றி வையுங்கள். இதற்கும் லாட்சுக்கும் சம்பந்தமில்லை.

---

மேல்தொட்டி எழுதியது:

ஐயா, நண்பரிடமிருந்து அலைக்காட்டி வாங்கி எங்கள் வீட்டுப் பலகையைப் பார்த்தேன். நீங்கள் சந்தேகப்பட்டதுதான் நடக்கிறது. 5 வோல்ட் ஏறும்போதே இரண்டு உள்ளீடுகளும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நாலரை வோல்ட் வரை ஏறுகின்றன. பிறகு இரண்டும் மெதுவாகச் சரிகின்றன. இரண்டரை வோல்ட்டைக் கடக்க ஏறக்குறைய 7 மில்லி விநாடி ஆகிறது. அந்த 7 மில்லி விநாடியும் க்யூ, க்யூ பார் இரண்டுமே 0. நான் தற்செயல் என்று நினைத்த இடத்தில் முறையாக 1, 1 கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. 1, 1 கொடுத்தபோது இரண்டு வெளியீடும் 0 என்று தெளிவாகத்தான் இருக்கிறது. இதில் என்ன தொல்லை?

---

பழைய_ரேடியோ எழுதியது:

சரியான இடத்தில் கேட்டீர்கள். 1, 1 இருக்கும்வரை தொல்லை சிறியது. இரண்டு கேட்டுகளையும் வெளியாள் அதட்டுகிறார், இரண்டும் 0. க்யூ பார் என்பது க்யூவின் எதிர் என்று நம்பிக் கட்டிய சுற்று எதுவானாலும் அந்த நேரத்தில் ஏமாறும். உங்கள் பச்சை விளக்கு அப்படிக் கட்டப்பட்டதுதான். மோட்டாரும் நிற்கும், விளக்கும் எரியாது.

பெரிய தொல்லை, கையை எடுக்கும்போது வருகிறது. இரண்டு உள்ளீடும் ஒரே கணத்தில் 0 ஆனால் இரண்டு கேட்டுகளும் இரண்டு 0-களைப் பார்க்கின்றன. இரண்டுமே 1 ஆகப் புறப்படுகின்றன. முதலில் போய்ச் சேர்ந்தது மற்றதை அதட்டி அமர்த்திவிடும். யார் முதலில் என்பதை உங்கள் அட்டவணை சொல்லாது, செட் சொல்லாது, ரீசெட் சொல்லாது. கேட்டின் வேகமும் கம்பியின் நீளமும் சொல்லும்.

உங்கள் விஷயத்தில் இன்னும் எளிது. இரண்டு மின்தேக்கிகளும் ஒரே அளவு என்று அச்சிட்டிருந்தாலும் ஒரே அளவாக இருப்பதில்லை. 100 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் என்றால் நேர மாறிலி 10 மில்லி விநாடி. 5 சதவீத வித்தியாசம் இருந்தால்கூட இரண்டரை வோல்ட்டைக் கடக்கும் நேரம் 0.35 மில்லி விநாடி தள்ளிப் போகும். 4001 சில்லுக்கு 5 வோல்ட்டில் ஒரு கேட்டைக் கடக்க ஏறக்குறைய 125 நானோ விநாடி. அதன் பக்கத்தில் 0.35 மில்லி விநாடி ஒரு யுகம். ஆகவே உங்கள் பலகையில் பந்தயமே நடக்கவில்லை. ஒரு வீட்டில் செட் எப்போதும் தாமதமாக விழுகிறது, மற்ற வீட்டில் ரீசெட் எப்போதும் தாமதமாக விழுகிறது. அதனால்தான் இருபது முறையும் ஒரே விடை. தற்செயல் நீங்கள் மின்தேக்கியை டப்பாவிலிருந்து எடுத்த அன்றே முடிந்துவிட்டது.

---

ஓசூர்_ஃபிட்டர் எழுதியது:

ஆலையில் முப்பது வருடமாக மோட்டார் பேனல் கட்டுகிறேன். ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டாப்தான் ஜெயிக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. பிஎல்சியில் ரீசெட் மேலோங்கும் பிளாக் ஒன்றும் செட் மேலோங்கும் பிளாக் ஒன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. ரீசெட் மேலோங்குவது இப்படி:

```
Q1 := NOT R1 AND (S OR Q1);
```

உங்கள் நார் லாட்சில் ஒன்றை மற்றதில் பொருத்திப் பாருங்கள். இதே சமன்பாடுதான் வருகிறது. ஆக க்யூவை மட்டும் பயன்படுத்தினால் நார் லாட்ச் என்பது ரீசெட் மேலோங்கும் லாட்ச். 1, 1 கொடுத்தால் க்யூ 0. தடை, தொல்லை என்றெல்லாம் மிரட்டுவது எதற்கு?

இன்னொன்று. இதே மாதிரி ஒரு தொட்டியில் கீழ் மிதவை பாசியில் சிக்கி மூடியபடியே நின்றுவிட்டது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் நின்றது. ஆனால் தண்ணீர் அலையில் மேல் மிதவை ஆட ஆட, மோட்டாரும் ரிலேயும் படபடவென்று அடித்துக்கொண்டன. 1, 1 என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குச் சொன்னேன்.

---

நிலாமதி எழுதியது:

ஃபிட்டர் அண்ணா, சமன்பாடு மிகச் சரி. படபடப்பும் அப்படியே பொருந்துகிறது. செட் 1 ஆகவே நிற்கும்போது ரீசெட் விழுந்தால் க்யூ 1 ஆகிவிடும், லாட்சின் நினைவு அங்கே வேலை செய்யவே இல்லை. ஆனால் பிஎல்சியையும் நார் இணையையும் ஒன்றாக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிஎல்சி உள்ளீடுகளை ஒரே முறை வாசித்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கணக்கிட்டு முடித்து, பிறகுதான் வெளியே வருகிறது. இரண்டு பொத்தானையும் ஒரே சுற்றில் விட்டால் பழைய க்யூ 0, செட் 0, ஆகவே விடை எப்போதும் 0. சில்லில் அப்படி வரிசை கிடையாது. அடைப்புக்குறியின் உள்ளே இருப்பது ஒரு தனிக் கேட், அதற்கும் தாமதம் உண்டு. அது தன் வேலையை முடிப்பதற்குள் வெளிக்கேட் க்யூவை 1 ஆக்கிவிட்டால் விடை மாறிவிடும். சமன்பாட்டில் நேரம் என்ற ஒன்று இல்லை.

---

மூன்றாம்_ஆண்டு எழுதியது:

நாண்ட் அட்டவணையைச் சொன்னதற்கு மன்னிக்கவும். இப்போது எனக்கு விதி கிடைத்துவிட்டது. இரண்டும் 1 ஆக இருந்து, கடைசியாக எதை விடுகிறோமோ அது ஜெயிக்கும். மேல்தொட்டி அண்ணாவின் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. சரியாக ஒரே நேரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று வெரிலாக்கில் ஓட்டிப் பார்த்தேன்.

```
module srlatch(input s, r, output q, qb);
  nor #10 g1(q,  r, qb);
  nor #10 g2(qb, s, q);
endmodule
```

நேரம் 100-இல் இரண்டையும் 0 ஆக்கினேன். 110-இல் இரண்டு வெளியீடும் 1. 120-இல் இரண்டும் 0. 130-இல் மறுபடியும் 1. நிற்கவே இல்லை. நிஜச் சில்லிலும் இப்படியே ஓயாமல் துடித்துக்கொண்டிருக்குமா?

---

நிலாமதி எழுதியது:

தம்பி, இந்தச் சோதனையைச் செய்ததற்குப் பாராட்டு. ஆனால் விதியை அவசரப்பட்டு எழுதிவிட்டீர்கள். `g1` தாமதத்தை 10 ஆகவே வைத்து, `g2` தாமதத்தை 15 ஆக்குங்கள். செட்டை 100-இல் விடுங்கள், ரீசெட்டை 103-இல் விடுங்கள். உங்கள் விதிப்படி கடைசியாக விட்டது ரீசெட், ஆகவே க்யூ 0 ஆக வேண்டும்.

நடப்பதைப் பாருங்கள். செட் போனதும் இரண்டாம் கேட் 1 ஆகப் புறப்படுகிறது, வந்துசேர வேண்டிய நேரம் 115. ரீசெட் 103-இல் போனதும் முதல் கேட் புறப்படுகிறது, அது வேகமானது, 113-இல் வந்துவிடுகிறது. க்யூ 1 ஆனதைப் பார்த்ததும் இரண்டாம் கேட் பாதி வழியில் திரும்பிவிடுகிறது. விடை க்யூ 1. தாமதமாக விட்ட ரீசெட் தோற்றுவிட்டது. ஆக, விட்ட இடைவெளி இரண்டு கேட்டுகளின் தாமத வித்தியாசத்தைவிடப் பெரியதாக இருந்தால்தான் உங்கள் விதி செல்லும். மேல்தொட்டியின் பலகையில் இடைவெளி மில்லி விநாடிக் கணக்கில் இருப்பதால் செல்கிறது. மேசையில் ஒரே துடிப்பிலிருந்து இரண்டு உள்ளீட்டையும் ஓட்டினால் செல்லாது.

துடிப்பு பற்றிய கேள்வி. மென்பொருளில் கேட் 0, 1 என்று இரண்டே இடத்தில் நிற்கிறது, அதனால் இரண்டும் சேர்ந்து குதித்துக்கொண்டே இருக்கின்றன. நிஜத்தில் வெளியீடு வோல்ட் வோல்ட்டாக ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து ஏறி, நடுவில் எங்கோ ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன. கூரை முகட்டில் வைத்த கோலி மாதிரி. அங்கிருந்து அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் அடுக்குக்குறியாக வளர்கிறது. வசதிக்காக அந்த வளர்ச்சியின் நேர மாறிலி 5 நானோ விநாடி என்று வைத்துக்கொள்வோம். தொடக்க வித்தியாசம் 1 மில்லி வோல்ட் என்றால் 1 வோல்ட் ஆக 35 நானோ விநாடி போதும். 1 மைக்ரோ வோல்ட் என்றால் 69 நானோ விநாடி. ஆயிரம் மடங்கு நெருக்கமாக விட்டும் காத்திருக்கும் நேரம் இரட்டிப்புதான் ஆகிறது. ஆனால் வித்தியாசத்துக்குக் கீழ் வரம்பு இல்லை என்பதால் காத்திருப்புக்கு மேல் வரம்பும் இல்லை. இத்தனை நேரத்துக்குள் முடிந்தே தீரும் என்று எவரும் உறுதி தர முடியாது. இப்படி முடிவெடுக்காமல் நிற்பதை சேனி, மோல்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1973-இல் அளந்து வெளியிட்டார்கள்.

வேலையில் சிமுலேஷன் பார்க்கும்போது என்னைப் பயமுறுத்துவது துடிப்பு அல்ல. தாமதத்தை 10, 11 என்று போட்டதும் துடிப்பு மறைந்து, அழகாக ஒரு விடை வந்து நிற்பதுதான். அந்த விடையை நம்பி அடுத்த சுற்றைக் கட்டிவிடுவார்கள்.

---

மேல்தொட்டி எழுதியது:

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பலகையின் மின்தேக்கிகளைக் கழற்றி அளந்தேன். செட் பக்கம் 109 நானோஃபாரட், ரீசெட் பக்கம் 98. கணக்குப்படி செட் 0.76 மில்லி விநாடி தாமதமாக விழ வேண்டும். அலைக்காட்டியில் 0.7-ஐ ஒட்டித்தான் தெரிந்தது. இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்தினேன். இப்போது மின்சாரம் திரும்பினால் மோட்டார் ஓடுவதில்லை. பத்துக்குப் பத்து.

அதே உற்சாகத்தில் அத்தை வீட்டிலும் இடம் மாற்றினேன். அங்கே ஓட ஆரம்பிக்க வேண்டும் அல்லவா? ஓடவில்லை. முன்பு போலவே நிற்கிறது. அந்த மின்தேக்கிகள் 103, 104 நானோஃபாரட்.

---

பழைய_ரேடியோ எழுதியது:

அங்கே மின்தேக்கி சமமாகிவிட்டதால் வேறு யாரோ தீர்ப்புச் சொல்கிறார்கள். 103-க்கும் 104-க்கும் 0.07 மில்லி விநாடிதான் வித்தியாசம். உங்கள் 100 கிலோ ஓம் மின்தடைகள் 5 சதவீத வகையாக இருந்தால் அவையே அதை விழுங்கிவிடும். அல்லது ஒரே சில்லின் இரண்டு கேட்டுகளுக்குள் மாறும் வோல்ட் சற்று வேறுபடலாம். உள்ளீடு இவ்வளவு மெதுவாகச் சரியும்போது 50 மில்லி வோல்ட் வித்தியாசம் 0.2 மில்லி விநாடி ஆகிவிடும். மின்தடைகளை இடம் மாற்றியும் விடை மாறாவிட்டால் சில்லைச் சந்தேகப்படுங்கள்.

பலகையைச் சரிசெய்ய அந்த விசாரணை தேவையில்லை. ரீசெட் பக்கம் மட்டும் 1 மைக்ரோஃபாரட் போடுங்கள். செட் 7 மில்லி விநாடியில் விழும், ரீசெட் 69-இல் விழும். எந்த டப்பாவிலிருந்து எடுத்தாலும் வரிசை மாறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: மிதவைக்குள் இருப்பது ரீட் சுவிட்ச் என்றால் நிறைந்த மின்தேக்கியை அது நேரடியாகக் குறுக்கிட்டு மூடக் கூடாது, முனைகள் ஒட்டிக்கொள்ளும். மின்தேக்கியோடு தொடராக 100 ஓம் ஒன்று வையுங்கள். பச்சை விளக்கையும் க்யூ பாரிலிருந்து எடுத்துவிட்டு, க்யூவை மூன்றாவது கேட்டில் திருப்பி அங்கிருந்து கொடுங்கள். 4001-இல் இரண்டு கேட் சும்மாதானே இருக்கின்றன.

---

ஓசூர்_ஃபிட்டர் எழுதியது:

நிலாமதி சொன்ன பள்ளத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்சாரம் வந்ததும் மோட்டார் நிற்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? நிரப்பிக்கொண்டிருக்கும்போது மின்வெட்டு வந்தால், திரும்பியதும் தொடர்ந்து நிரப்புவதுதான் வீட்டுக்காரருக்கு வேண்டும். நீங்கள் சொல்வதுபோலச் செய்தால் பாதித் தொட்டி, அடிக்குப் போகும்வரை பாதியாகவே கிடக்கும்.

---

பழைய_ரேடியோ எழுதியது:

கீழே கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் தானாகக் கிளம்பினால் சுருள் போகும். நான் நிறுத்தத்தின் பக்கம்தான்.

---

ஓசூர்_ஃபிட்டர் எழுதியது:

அதற்குக் கிணற்றில் மூன்றாவது மிதவை போட வேண்டும். லாட்சைக் குருடாக்குவது வழியல்ல.

---

மேல்தொட்டி எழுதியது:

எங்கள் வீட்டில் 1 மைக்ரோஃபாரட் போட்டுவிட்டேன், 100 ஓமும் சேர்த்து. அம்மாவுக்கு ஃபிட்டர் அண்ணா சொன்னதுதான் வேண்டுமாம், பாதித் தொட்டியைப் பார்த்துவிட்டு இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். அத்தை வீட்டுச் சில்லை மாற்றிப் பார்த்து, குற்றவாளி மின்தடையா கேட்டா என்று கண்டுபிடிக்க எனக்கு ஆசை. ஆனால் மோட்டார் ஒழுங்காக நிற்கும்போது எதற்காக மறுபடியும் மாடிக்கு ஏறுகிறாய் என்று அத்தை ஏணியைத் தர மறுக்கிறார்.